மாதிரி மண்

என் பெட்டியில் இருக்கும் பழைய கோப்பில் முதல் தாள் ஒரு கார்பன் நகல். தேதி 9-4-1962. நீலம் மங்கிச் சாம்பலாகிவிட்டது. ஆனாலும் படிக்க முடிகிறது:

"ஐயா, எங்கள் சங்கத்து அங்கத்தினர்களின் கடைமடை வயல்களில் சென்ற சம்பா போகத்தில் பயிர் மஞ்சள் பூத்துக் கருகியும், அறுப்புக்குப் பின் தரையில் வெள்ளை படர்ந்தும் இருக்கிறபடியால், இலாகா சிப்பந்திகளை அனுப்பி மேற்படி வயல்களின் மண்ணைப் பரிசோதித்து, இன்ன குறை, இன்ன பரிகாரம் என்று தெரிவிக்கும்படி பிரார்த்திக்கிறேன். இப்படிக்கு, காரியதரிசி."

கீழே இருப்பது என் கையெழுத்து. கொள்ளிடத்துக்கு வடகரையில் எங்கள் ஊர் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் பதினோரு வருஷம் கௌரவக் காரியதரிசியாக இருந்தேன். எழுதிய கடிதம் எதற்கும் நகல் வைக்காமல் இருந்ததில்லை. வந்த தேதி, போன தேதி, யார் கையில் போனது, எல்லாம் தனி நோட்டில் இருக்கும். ஊரில் அதைக் கேலி செய்வார்கள். "செகரட்டரி தும்மினாக்கூட தேதி போட்டு எழுதி வைப்பாரு" என்பார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பழக்கம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது 1969. அந்தக் கோப்பை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஒரு மனிதருக்காக. ஊரே அவரைக் 'கடைமடை அண்ணன்' என்று கூப்பிட்டது. வாய்க்கால் முடிகிற இடத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் நன்செய். முள்ளும் தரிசுமாகக் கிடந்ததை அவரும் அவர் மனைவியும் வெட்டித் திருத்தியது. குழந்தைகள் இல்லை. அந்த நிலத்தைப் பற்றிப் பேசும்போது "அது நேத்து சரியா சாப்புடல" என்கிற மாதிரிதான் பேசுவார். நேற்று தண்ணீர் சரியாகப் பாயவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு இன்னொரு பேரும் இருந்தது: கைராசிக்காரர். எங்கள் பக்கத்தில் நடவு தொடங்கும் நாளில், நல்ல நேரம் பார்த்து, ராசியான கை உள்ள ஒருவரைக் கூப்பிட்டு முதல் முடி, அதாவது முதல் கட்டு நாற்றை நடச் சொல்வார்கள். அவர் நட்ட பிறகுதான் பெண்கள் வயலில் இறங்குவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் அந்தக் கை அவருடைய கைதான். புரட்டாசி மாதம் முழுக்க விடியற்காலையில் யாராவது ஒருவர் அவர் வாசலில் நிற்பார். அவர் குளித்து, திருநீறு இட்டு, ஈர வேட்டியோடு வருவார். ஒரு வெற்றிலை பாக்குக்கு மேல் எதையும் வாங்கமாட்டார்.

1961 சம்பாவில் அந்தக் கைக்காரரின் வயலே கருகியது. அவருக்கு மட்டுமல்ல, கடைமடையில் எட்டுப் பேருக்கு. மற்றவர்கள் வாய்க்காலைத் திட்டினார்கள், விதையைத் திட்டினார்கள். அவர் என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, மண்ணுக்கு என்னமோ வந்திருக்கு. நீங்க சர்க்காருக்கு எழுதுங்க."

"எழுதலாம்ண்ணே. ஆனா அவங்க வந்து பாக்க நாளாகும்."

"ஆவட்டும். அவங்க சொல்றதக் கேட்டுட்டு நான் முடிவு பண்ணணும். ஒங்க அண்ணி, வித்துட்டு உறையூருக்குப் போயிடலாங்கறா. அவ தம்பி அங்க சுருட்டுக் கம்பெனியில இருக்கான். செங்கச் சூளைக்காரன் வேற நெலத்த வெலைக்குக் கேட்டு நடையா நடக்குறான். மண்ணுக்கு மருந்து உண்டுன்னு ஒரு பேப்பர் வந்துட்டா அவ வாய அடைச்சிருவேன்."

ஆக, அந்தக் கடிதம் எட்டுப் பேருக்காக எழுதப்பட்டாலும், அதன் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது ஒருவருடைய நிலம். இதை நான் அன்றே அறிந்திருந்தேன்.

விவசாய இலாகாவிலிருந்து 27-4-1962 தேதியிட்டுப் பதில் வந்தது. திருச்சி கண்டோன்மெண்டில் இருந்த ஆபீஸிலிருந்து. எங்கள் பகுதி விஸ்தரிப்பு அதிகாரிக்கு (ஊரில் அப்போதும் பழைய பேரில் டிமான்ஸ்டிரேட்டர் என்றுதான் சொல்வார்கள்) இன்னும் பல ஊர்கள் இருப்பதால், சங்கமே அங்கத்தினர்களிடமிருந்து மண்ணைச் சேகரித்து ஸ்ரீரங்கம் விவசாய டிப்போவில் கொடுத்துவிட்டால், அவர்கள் கோயம்புத்தூர்ப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிவைப்பார்கள் என்று எழுதியிருந்தது. எப்படிச் சேகரிப்பது என்பதற்கு ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பும் இணைத்திருந்தார்கள். நியாயமான பதில். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த ஆங்கிலத் தாளைத் தமிழாக்கியது நான். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். மேல்மண்ணில் உள்ள சருகு, பொருக்கு இவற்றை நீக்க வேண்டும். மண்வெட்டியால் 'வி' எழுத்துப் போல உழவு ஆழத்துக்கு வெட்டி, வெட்டின பக்கத்திலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மேலிருந்து கீழாகச் சீவ வேண்டும். ஒரு வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். வரப்போரம், எருக்குவியல் போட்ட இடம், மரநிழல் கூடாது. கலந்த மண்ணைப் பரப்பி நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மீண்டும் நாலாக்கி, ஒரு ராத்தல் அளவு மிஞ்சும்வரை இப்படிக் குறைக்க வேண்டும். நிழலில் உலர்த்திப் புதுத் துணிப்பையில் போட வேண்டும். பழைய உரச் சாக்கு கூடவே கூடாது.

எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். அந்த ஆங்கிலத் தாளின் நடுவே ஒரு சொற்றொடர் இருந்தது. வயல் முழுவதற்கும் பொதுவாக, அதன் நல்லது பொல்லாதது எல்லாம் கலந்து, வயலைப் போலவே இருக்கிற ஒரு பிடி மண் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அகராதி பார்க்கும் வழக்கம் உண்டு. பார்த்தேன். 'மாதிரி' என்று போட்டேன். மாதிரி மண். சுருக்கமாக, அழகாக இருந்தது. சுற்றறிக்கைக்கே அதைத் தலைப்பாக வைத்தேன்.

சுற்றறிக்கையைச் சங்கத்துச் சுவரில் ஒட்டினேன். படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அதனால் தண்டோராவும் போடச் சொன்னேன். தண்டோராக்காரரிடம் முழுத் தாளையும் சொல்ல முடியுமா? ஒரு வரிதான் சொல்லிக் கொடுத்தேன். "வர்ற ஞாயித்துக்கெழம காலையில, அங்கத்தினருங்க எல்லாம் அவங்கவங்க வயலு மாதிரி மண்ண சங்கத்து ஆபீசுல கொண்டாந்து குடுக்கணும்." டம், டம்.

எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ், ஒரு சர்க்கார் பண்ணையைத் தாண்டித்தான் போகும். அதன் வாசலில் பெரிய எழுத்தில் 'மாதிரிப் பண்ணை' என்று எழுதியிருக்கும். எல்லாம் ஒழுங்காக, பச்சையாக, வரப்பு கோடு போட்டாற்போல இருக்கும். ஊரில் யாராவது வயலை நன்றாக வைத்திருந்தால் "மாதிரிப் பண்ணையாட்டம் வச்சிருக்கான்" என்பார்கள். இதை நான் இருபது வருஷமாகக் காதால் கேட்டவன்.

20-5-1962, ஞாயிறு. என் நாட்குறிப்பில் அன்றைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே ஆபீஸ் வாசலில் கூட்டம். காடாத் துணியில் தைத்த பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. எண், பேர், சர்வே எண், மண் எடுத்த இடம், போன போகத்துப் பயிர், தண்ணீர் வசதி.

ஒருவர் சிரித்தார். "என்னமோ பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு. நம்ம மண்ணு கோயமுத்தூருக்கு ரயிலேறப் போவுது."

"பவுடர் கிவுடர் போட்டு அனுப்புய்யா. மாப்பிள்ளை வீட்டுக்காரன் கழிச்சுக் கட்டிறப் போறான்."

கடைமடை அண்ணனுக்கு மேல்புறத்து வயல்காரர் ஒரு கூடையில் வெள்ளைப் பொருக்காகவே சுரண்டிக்கொண்டு வந்திருந்தார். உப்பளத்தில் அள்ளினது போல இருந்தது. நான் தலையில் கை வைத்தேன்.

"என்னங்க இது? மேல இருக்கறத நீக்கிட்டுல்ல எடுக்கணும்? சுவத்துல எழுதியிருக்கே."

"டாக்டரு கிட்டப் போனா நோவு இருக்கற எடத்தத்தானே காட்டணும் செகரட்டரி?"

எல்லாரும் சிரித்தோம். பக்கத்தில் நின்ற கடைமடை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்டா, இந்தக் கண்றாவியவா சர்க்காருக்கு அனுப்புவ? ஊரு மானம் போயிடாது?" என்றார். மேல்புறத்துக்காரர் மருமகன் முறை. "ஆமா மாமா, ஒங்க மண்ணு மட்டும் சர்க்கரையா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் அந்தக் கூடையைத் திருப்பி அனுப்பினேன். வெட்டி, சீவி, கலந்து, நாலு பங்காக்கி எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போய், பத்தரை மணிக்குச் சரியாக எடுத்து வந்தார். அது எண் 13.

அண்ணன் துண்டை விரித்துத் தன் மண்ணைக் காட்டினார். என் குறிப்பில் அன்று இரவு நான் எழுதியிருப்பது இது: "க.அ. கொண்டு வந்த மண் கருப்பாகவும் பொலபொலவென்றும் இருந்தது. கட்டியே இல்லை. முகர்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். புது மழை வாசம். இவரைப் போல எல்லாரும் எடுத்து வந்தால் எனக்கு வேலை இல்லை."

அவர் பையைப் பிடித்துக்கொள்ள, நான் கொட்டிக் கட்டினேன். எண் 14. சீட்டில் 'மண் எடுத்த இடம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது அவரை நான் கேட்கவில்லை. அவருடைய நன்செய் சர்வே எண் எனக்கு மனப்பாடம். ஊரில் எல்லாருடைய சர்வே எண்ணும் எனக்கு மனப்பாடம். அதை எழுதிவிட்டு, அடுத்த பையை எடுத்தேன்.

மோசமான மண்ணைத் தடுத்துத் திருப்பி அனுப்பிய நான், நல்ல மண்ணை ஒரு கேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்டேன். 

பதில் தாள்கள் 6-8-1962இல் வந்தன. ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றங்கால் தயார் செய்கிற நேரம். ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், கீழே முத்திரை. கடைமடை எட்டுப் பேரில் ஏழு பேருடைய மண் களர், காரம் ஏறிப் பயிரைக் கருக்குகிற மண், என்று வந்தது. ஜிப்சம் இட்டுத் தண்ணீர் தேக்கி வடிக்க வேண்டும், பிறகு தக்கைப்பூண்டு என்கிற தழையுரச் செடியை விதைத்து மடக்கி உழ வேண்டும் என்று சிபாரிசு. எட்டாவது தாள் எண் 14. காரமும் இல்லை, அமிலமும் இல்லை, நடுநிலை. உப்பு தீங்கற்ற அளவு. சத்துகள் நடுத்தரம், சாம்பல் சத்து அதிகம். வழக்கமான உரமே போதும்.

அதை நான் அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் மனைவியும் கூட வந்திருந்தார்.

"அப்போ மண்ணுல குத்தம் இல்லையா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே. நல்ல மண்ணுன்னு எழுதியிருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. மனைவியைப் பார்த்தார். "கேட்டியாடி? விக்கணும் விக்கணும்னியே. கோயமுத்தூர்லேருந்து முத்திரை குத்தி அனுப்பியிருக்கான், கேட்டுக்க."

"முத்திரை குத்துனவன் வந்து நடுவானா?" என்றார் அண்ணி. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அவர்களை ஒன்றாகச் சிரிக்கப் பார்த்தது அதுவே கடைசி.

ஒரே வாய்க்கால், ஒரே வரப்பு. அந்தப் பக்கம் களர், இந்தப் பக்கம் நல்ல மண் என்று எப்படி இருக்கும்? எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை நோட்டிலும் எழுதியிருக்கிறேன்: "13க்கும் 14க்கும் இத்தனை வித்தியாசம், ஆச்சரியம்." ஆச்சரியக்குறியோடு. அதோடு விட்டுவிட்டேன். தாளில் முத்திரை இருந்தது.

ஜிப்சம் ஸ்ரீரங்கம் டிப்போவில் வந்து இறங்கியது. சிபாரிசுத் தாளைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். ஏழு பேருக்கு இண்டெண்ட், அதாவது சரக்குக் கேட்கும் சீட்டு, போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து மேஜைக்கு எதிரே நின்றார்.

"தம்பி, எனக்கும் நாலு மூட்டை போட்டு வைங்களேன்."

"உங்க பேப்பர்ல இல்லையேண்ணே."

"இல்லதான். மருமவன் போடுறான். என் வயலும் பக்கத்துலதானே இருக்கு. மனசு கேக்க மாட்டேங்குது."

"தேவையில்லாத மருந்தக் குடிப்பமா? சிபாரிசு இல்லாம நான் எழுதுனா அங்க கேள்வி கேப்பாங்க."

சும்மா சொல்லவில்லை. மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே அந்த டிப்போவில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் ஸ்டோர்கீப்பர். நெற்றி நிறைய திருமண், குரலில் தேன். "ஸ்வாமி, பெருமாளே எழுந்தருளி வந்து கேட்டாலும், காகிதம் இல்லாம அடியேன் மூட்டையத் தொட மாட்டேன்" என்பார். ஆனால் நான் எழுதியிருந்தால் கொடுத்திருப்பார். என் கையெழுத்தின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. நான் எழுதவில்லை.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிதான். நீங்க சொன்னாச் சரி" என்று போய்விட்டார்.

புரட்டாசியில் நட்டார். ஐப்பசி பிறக்கும் முன்பே நுனி கருகத் தொடங்கியது. மிச்ச நாற்றை எடுத்து இரண்டாம் தரம் நட்டார். அதுவும் போயிற்று. மேல்புறத்து வயல் முதல் வருஷம் சுமார்தான், ஆனால் பயிர் நின்றது. கருகின வயலும் நின்ற வயலும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். வரப்பில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவரைக் கொன்றது என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் என்னிடம் ஒரு நாள் சொன்னார். ஆபீஸில் வேறு யாரும் இல்லை. "மண்ணுல குத்தம் இல்லன்னு சர்க்காரே சொல்லிட்டாங்க. விதை எல்லாருக்கும் ஒண்ணு. தண்ணி ஒண்ணு. பாக்கி என்ன தம்பி இருக்கு? இதுதான்." இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை மேலே இருந்தது. காரியதரிசியாகிய நான், "அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மைக்கூட்டை மூடினேன்.

அடுத்த வருஷம், 1963 புரட்டாசி. முதல் முடி நட அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. தீர்மானம் போட்டுச் செய்ததில்லை அது. ஒருவர் தன் மாமனாரைக் கூப்பிட்டார். ஒருவர் அம்மாவையே நடச் சொன்னார். இன்னொருவர், "சும்மா இந்தத் தடவ நானே நட்டுப் பாக்கலாம்னு" என்று இழுத்தார். அந்த மாதம் முழுக்க அவர் விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி பிற்பாடு சொன்னார். எனக்கும் அரை ஏக்கர் உண்டு. நானும் அவரைக் கூப்பிடவில்லை. என் வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த நடவுத் தேதி என் நோட்டில் இருக்கிறது. யார் கை என்பதை எழுதவில்லை.

அந்த சம்பாவும் அவருக்குக் கருகியது. 1964 மாசியில் சூளைக்காரருக்குக் கிரயம் செய்து கொடுத்தார். பங்குனியில் உறையூருக்குப் போனார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போது அவர் மண்வெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. மேல்புறத்து மருமகனிடம் கொடுத்துவிட்டார்.

அந்த ஆடியில் புது டிமான்ஸ்டிரேட்டர் வந்தார். இளைஞர், தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், நன்றாகச் சிரிக்கிறவர். ஜிப்சம் போட்ட வயல்களைப் பார்வையிட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்து மோர் குடித்தார். சுவரில் என் சுற்றறிக்கை இன்னும் இருந்தது. நின்று முழுதும் படித்தார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க சார். தலைப்பு மட்டும் மாத்திடுங்க."

"ஏன்?"

"மாதிரின்னா சனங்க வேற மாதிரில்ல எடுத்துக்கிறாங்க. போன மாசம் ஒரு ஊர்ல மாதிரி மண் கேட்டேன். ஒரு பெரியவர் வீட்டுக் கொல்லையில பூச்செடித் தொட்டியிலேருந்து அள்ளிட்டு வந்துட்டாரு. மாதிரிப் பண்ணைக்குத்தான் கேக்குறேன்னு நெனச்சாராம். நான் இப்பல்லாம் 'வயல் மண்ணுல கொஞ்சம்'னுதான் சொல்றது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நல்ல வேளை, உங்க ஊர்ல அப்படி ஒண்ணும் ஆகலை."

அவர் போனதும் நான் நாட்குறிப்பை எடுத்தேன். 20-5-1962. கருப்பு. பொலபொலவென்று. கட்டியே இல்லை. புது மழை வாசம்.

அண்ணனின் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு நாற்றங்கால் இருந்தது. ஊரிலேயே அருமையான நாற்று அங்கேதான். வருஷா வருஷம் ஆட்டுக்கிடை கட்டி, எருவும் தழையும் போட்டு வளர்த்த இடம். மாதிரி மண் என்று கேட்டால், அவர் வேறு எங்கே போயிருப்பார்?

ஆவணியில் உறையூருக்குப் போனேன். தறி ஓசை கேட்கிற ஒரு சந்தில் சின்ன வீடு. அவர் சுருட்டுக் கம்பெனியில் புகையிலை பிரித்துப் போடுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தார். விரல் நுனிகள் பழுப்பாகியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க தம்பி, வாங்க. தண்ணி வந்திருச்சா?"

"கடைமடை வரைக்கும் வந்திருச்சுண்ணே."

"மருமவன் நாத்து விட்டுட்டானா?"

"விட்டாச்சு."

"அவனுக்கு இனி நல்லா வரும்" என்றார். பொறாமையில்லாமல் சொன்னார்.

வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அண்ணே, உங்க கையில குத்தம் இல்ல. மண்ணுலதான் குத்தம். பரிசோதனைக்குப் போனது உங்க வயல் மண்ணே இல்ல. நான் போட்ட ஒரு வார்த்தையால வந்தது. வாயைத் திறக்கும்போதுதான் அதன் மறுபாதி எனக்கு உறைத்தது. இதைச் சொன்னால் அவருக்குக் கை திரும்பக் கிடைக்கும். ஆனால் நாலு மூட்டை ஜிப்சத்தில் பிழைத்திருக்கக்கூடிய நிலத்தை வீணாக விற்றுவிட்டோம் என்பதும் தெரிந்துபோகும். அன்றைக்குக் காலையில்தான் நான் அந்த வழியாக வந்திருந்தேன். சூளைக்காரர்கள் வயலை இடுப்பளவு தோண்டியிருந்தார்கள்.

"அண்ணே, அன்னைக்குக் கோயமுத்தூருக்கு மண்ணு குடுத்தீங்களே. எந்த எடத்துல எடுத்தீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "ஏன் தம்பி?"

"சும்மாதான். ரிஜிஸ்தருக்கு."

"நீங்கதான் அன்னைக்கே எழுதிக்கிட்டீங்களே" என்றார்.

அண்ணி காப்பி கொண்டு வந்து வைத்தார். நான் குடித்தேன். வேறு என்னவோ பேசினோம். இன்னொரு நாள் வந்து சொல்லலாம், நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புறப்படும்போது அவர் சந்து முனைவரை வந்து வழியனுப்பினார். "பாத்துப் போங்க தம்பி" என்று இரண்டு கையையும் கூப்பினார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. கார்த்திகையில், மூன்று நாள் காய்ச்சலில் அவர் இறந்துபோனார் என்று சொல்லியனுப்பினார்கள். நான் போனபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

"கடைசி வரைக்கும் அதேதான் தம்பி. என் கையில ஏதோ தோஷம், என் கையில ஏதோ தோஷம்னு. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாக்கூட ஊத்த மாட்டாரு. நீயே ஊத்துன்னுடுவாரு."

அப்போதுதான் சொன்னேன். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லாததை, சொல்லிப் பயனில்லாத நாளில் சொன்னேன். மாதிரி என்ற சொல்லையும் விளக்கினேன். அண்ணி முழுதும் கேட்டார். அழவில்லை.

"மாதிரின்னா நல்லதுதானே தம்பி?" என்றார்.

"ரெண்டு அர்த்தமும் உண்டு அண்ணி."

"எங்களுக்கு ஒண்ணுதான் தெரியும்."

அன்றைக்கு அண்ணன் எங்கிருந்து மண் எடுத்தார் என்று கேட்டேன். அண்ணிக்குத் தெரியவில்லை. அண்ணன் காலையில் மண்வெட்டியோடு போனார், துண்டில் கட்டிக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போய்விட்டார். கிணற்றடிப் பக்கம் போனாரா, வாய்க்கால் பக்கம் போனாரா என்று அண்ணி பார்க்கவில்லை. அடுப்பில் வேலையாக இருந்திருக்கிறார்.

1965க்குள் அந்த இரண்டு ஏக்கரும் பள்ளமாகிவிட்டது. அந்த மண் செங்கலாகி, தில்லை நகரில் எழும்பிய புது வீடுகளுக்குப் போயிற்று என்று சூளைக்காரர் சொன்னார். கிணற்றடி நாற்றங்காலை மனையாக்கி வேறொருவர் வீடு கட்டிக்கொண்டார். இரண்டிலும் ஒரு பிடி எடுத்து மறுபடி கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றால், எடுக்க மண் இல்லை. காரியதரிசிப் பொறுப்பை 1966 மார்ச்சில் விட்டுவிட்டேன். சுற்றறிக்கையை அதற்கு முன்பே கிழித்து எடுத்துவிட்டேன். ஒரு பிரதி மட்டும் கோப்பில் இருக்கிறது.

மண் சேகரித்த ரிஜிஸ்தரில், எண் 14, 'மண் எடுத்த இடம்' என்ற கட்டத்தில் ஒரு சர்வே எண் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அது என் கையெழுத்து. அவரைக் கேட்டு எழுதியது அல்ல. நாற்றங்கால் மண் என்பது என் அனுமானம். அந்தப் பையில் இருந்த மண் உண்மையில் எங்கே எடுக்கப்பட்டது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.